ஊற்றியதும் பிரிண்ட் கொடுக்காதீர்கள்: இங்க் டேங்க் நிரப்பும்போது நான் பார்த்துச் செய்பவை

டிடிபி கடையில் வேலை செய்பவனுக்கு மை நிரப்புவது டீ குடிப்பது மாதிரி அன்றாட வேலை. எங்கள் கடையில் ஓடுவது எப்சன் L380. பக்கவாட்டில் நான்கு டேங்க் தொங்கும் பழைய வகை. தெருவில் இருக்கும் மற்ற கடைகளிலும் கிட்டத்தட்ட இதே வகைதான் என்பதால், மை தொடர்பாக ஏதாவது ஆனால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. மை மாற்றி ஊற்றுவதோ, நுரை கட்டுவதோ, சிந்துவதோ, எதுவானாலும் அது டேங்குக்குள் இருக்கும்வரை நாமே சரிசெய்யக்கூடிய விஷயம். அதைக் கவனிக்காமல் பிரிண்ட் கொடுத்துவிட்டால்தான் அது குழாய்க்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் போய், சர்வீஸ் சென்டர் வரை இழுக்கிறது.

இது ஏன் என்று புரிய, மை போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்கிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மை ஹெட்டுக்குப் போகிறது. டேங்கிலிருந்து மையைத் தள்ள பம்ப் எதுவும் கிடையாது. ஹெட் மையைத் துளித்துளியாகத் தெளிக்கத் தெளிக்க, அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து மை இழுபட்டு வருகிறது. அதனால் பிரிண்ட் ஓடாதவரை குழாயில் இருக்கும் மை நகராது. டேங்கில் நீங்கள் தவறாக எதை ஊற்றியிருந்தாலும் அது அங்கேயே நிற்கும். இந்த அவகாசம்தான் நம் கையில் இருக்கும் பெரிய வசதி.

முதலில் சரியான பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். L380-க்கு 664 எண் மை, பாட்டிலுக்கு 70 மில்லி. அதற்குப் பின் வந்த L3110, L3150, L3250 மாடல்களுக்கு 003. L4150, L4160 மாடல்களுக்கு 001. கடையில் போய் “எப்சன் கறுப்பு ஒன்று கொடுங்கள்” என்று கேட்டால் இந்த மூன்றில் எதையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், வாங்கியபின் பாட்டிலில் அந்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது வெறும் கம்பெனிக் கட்டுப்பாடு இல்லை. 664 கறுப்பும் 003 கறுப்பும் சாய மை, அதாவது டை. 001 கறுப்பு பிக்மென்ட். அதில் நிறம் கரைந்திருக்காது, மிக நுண்ணிய துகளாக மிதந்துகொண்டிருக்கும். டை மைக்காக அமைத்த ஹெட்டில் பிக்மென்ட் போனால், அல்லது இரண்டும் கலந்தால், துகள்கள் திரண்டு, ஹெட்டில் மை தெளிக்கும் நுண்துளையான நாசில் அடைத்துக்கொள்ளும். கேனனின் GI-790 வகையிலும் கறுப்பு பிக்மென்ட், கலர்கள் மூன்றும் டை. ஆகவே ஒரு கம்பெனியின் கறுப்பு தீர்ந்துவிட்டது என்று இன்னொரு கம்பெனிக் கறுப்பை ஊற்றி ஒப்பேற்றும் வேலையே வேண்டாம்.

எண் சரி. அடுத்தது நிறம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் பாட்டிலுக்குள் பார்க்கும்போது மை அதன் உண்மையான நிறத்தில் தெரியாது. அவ்வளவு அடர்த்தி. சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். மஞ்சள் மை ஆரஞ்சும் பழுப்புமாக, டிஞ்சர் நிறத்தில் இருக்கும். கடையின் மூலையில் வெளிச்சம் குறைவான இடத்தில் நின்று, மூடியின் நிறத்தை மட்டும் நம்பி ஊற்றினால் தவறு நேர வாய்ப்பு அதிகம். போதாததற்கு, பழைய பாட்டில்களின் மூடியை மாற்றிப் போட்டு வைத்திருப்பார்கள். டேங்க் வரிசையும் மாடலுக்கு மாடல் மாறும். பழைய பிரிண்டரில் ஊற்றிய பழக்கத்தில் கை தானாக அதே இடத்துக்குப் போகும்.

நான் செய்வது இதுதான். பாட்டிலைத் திறந்ததும் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் வைப்பேன். சொட்டு பரவும்போது ஓரத்தில் மை மெல்லிசாகி உண்மையான நிறம் காட்டிவிடும். சயான் பளிச்சென்ற நீலம், மெஜந்தா பீட்ரூட் நிறம், மஞ்சள் சுத்த மஞ்சள். அந்தக் கறையையும் டேங்கில் ஒட்டியிருக்கும் நிற ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின்தான் ஊற்றுவேன். அப்புறம், நான்கு டேங்கையும் நான்கு பாட்டிலையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க மாட்டேன். ஒரு டேங்க், ஒரு பாட்டில். அதை ஊற்றி, இரண்டையும் மூடி, பாட்டிலை மேஜையிலிருந்து அப்புறப்படுத்தியபின் அடுத்தது. திறந்த டேங்க் ஒன்றுதான் இருக்கும்போது தவறான பாட்டிலை எடுக்கும் வாய்ப்பு பாதியாவது குறையும்.

இவ்வளவும் செய்யாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் நடந்ததையே சொல்கிறேன். பள்ளி அட்மிஷன் நேரம். கலர் போட்டோ, சான்றிதழ் நகல் என்று கூட்டம். கடை அக்காவின் மகன் லீவில் வந்து உதவிக்கு நின்றவன், மெஜந்தா குறைந்திருப்பதைப் பார்த்து நிரப்பப் போய், சயான் பாட்டிலை எடுத்து ஊற்றியிருக்கிறான். மெஜந்தா டேங்கில் மட்டம் ஏறுவதையும் அவன் கையில் இருந்த லேபிளையும் அக்கா ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார். “தம்பி, கொஞ்சம் ஓடி வாங்களேன், பிரிண்டர்ல கலர் மாத்தி ஊத்திட்டான்” என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார்.

நான் போய்ச் சேரும்முன் அந்தப் பையன் Head Cleaning கொடுக்கத் தயாராக மவுஸில் கை வைத்திருந்தான். சுத்தம் செய்தால் தவறான மை வெளியே போய்விடும் என்று நினைத்திருக்கிறான். இது பலருக்கும் தோன்றுவதுதான், ஆனால் நடப்பது நேர் எதிர். ஹெட் கிளீனிங் என்பது ஹெட்டின் வாயிலிருந்து பம்ப் வைத்து மையை உறிஞ்சுவது. உறிஞ்சினால் டேங்கில் நிற்கும் கலப்பு மை குழாய்க்குள் இறங்கும். “எதையும் தொடாதே தம்பி, பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணு” என்றேன். சுவிட்ச் போர்டில் அணைக்கக் கூடாது, பிரிண்டரின் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூலைக்குப் போய் மூடிக்கொண்டு நிற்கும்.

டேங்கில் முன்பிருந்த மெஜந்தா சுமார் 20 மில்லி. அவன் ஊற்றிய சயான் சுமார் 5 மில்லி. ஆக 25 மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு நீலம். இதோடு பிரிண்ட் போட்டால் போட்டோவில் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். மெடிக்கலில் 10 மில்லி சிரிஞ்சும் டிரிப்ஸ் ஏற்றும் குழாயும் வாங்கிவரச் சொன்னேன். சிரிஞ்சில் ஊசி வேண்டாம். அந்த மெல்லிய குழாயில் ஒரு சாண் வெட்டி நுனியில் மாட்டி, நிரப்பும் துளை வழியாக உள்ளே விட்டு மையை உறிஞ்சி எடுத்தோம்.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. டேங்கை முழுவதும் காலி செய்யக் கூடாது. மை வெளியேறும் வாய் அடியில் இருக்கிறது. அது காற்றில் தெரிந்துவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். அதனால் டேங்கில் போட்டிருக்கும் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே, சுமார் 10 மில்லி மிச்சம் வைத்து நிறுத்தினோம். அந்த 10 மில்லியில் இன்னும் 2 மில்லி சயான் இருக்கிறது.

“இனி முழு பாட்டிலையும் ஊத்திடலாமா?” என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அரிசி களைவது மாதிரிதான் இதுவும். ஒரே தடவை குடம் தண்ணீர் ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தண்ணீர் மாற்றினால் சுத்தமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மில்லி மெஜந்தாவை ஒரேயடியாக ஊற்றினால் 70 மில்லியில் 2 மில்லி சயான் நிற்கும், கிட்டத்தட்ட 3 சதவீதம். அதே 60 மில்லியை இருபது இருபதாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் 30 மில்லி வரை ஏற்றி, சில நிமிடம் கலக்க விட்டு, மீண்டும் 10 மில்லிக்கு உறிஞ்சினால், முதல் சுற்றில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகம், மூன்றாவதில் 1 சதவீதத்துக்கும் கீழ். டேங்கில் கடைசியில் நிற்பது 30 மில்லிதான், 40 மில்லி கூடுதலாக வீணாகிறது, உண்மை. ஆனால் போட்டோ போடும் கடைக்கு அந்த வித்தியாசம் முக்கியம். வெறும் படிவம் அச்சடிக்கும் இடமாக இருந்தால் இரண்டு சுற்றோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

உறிஞ்சிய மையை ஒரு காலி பாட்டிலில் சேர்த்து, “கலந்தது” என்று மார்க்கரில் எழுதி ஓரமாக வைத்தோம். சாக்கடையில் ஊற்றவில்லை, கறுப்பு டேங்கில் ஊற்றித் தீர்க்கவும் இல்லை.

அதன்பின், எல்லா நாசிலிலும் மை வருகிறதா என்று கோடுகளாக அச்சடித்துக் காட்டும் Nozzle Check போட்டுப் பார்த்தபோது மெஜந்தா கோடுகள் சுத்தமாக வந்தன. பையன் நிம்மதியாகச் சிரித்தான். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. நாசில் செக்கில் வருவது டேங்கில் இருக்கும் மை இல்லை, ஏற்கெனவே குழாயில் இருந்த பழைய மை. தவறாக ஊற்றியதே தெரியாமல் பிரிண்ட் போட்டவர்களுக்கும் இப்படித்தான் முதலில் எல்லாம் சரியாக வரும். குழாயில் இருப்பது தீர்ந்தபின் ஒருநாள் கலர் மாறத் தொடங்கும். அப்போது மை மாற்றி ஊற்றியதையே மறந்துபோய், ஹெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அதனால் அக்காவிடம், முழுப் பக்கமும் மெஜந்தா மட்டும் நிரம்பிய தாள்கள் சிலவற்றை அன்றும் மறுநாளும் போட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நிறம் மாறவில்லை.

எது எதில் கலந்தது என்பதைப் பொறுத்து பாதிப்பும் மாறும். மஞ்சளில் வேறு எது கலந்தாலும் உடனே தெரியும், கறுப்பு கலந்தால் அந்த மஞ்சளை மீட்கப் பார்ப்பதைவிட கீழ்க்கோடு வரை உறிஞ்சிவிட்டு மேலும் இரண்டு சுற்று கூடுதலாக மாற்றுவதே நல்லது. நான்கும் டை மையாக இருக்கும் பிரிண்டரில், கறுப்பு டேங்கில் சில சொட்டு மஞ்சள் விழுந்தால் பெரிதாக எதுவும் ஆகாது.

இனி காற்று. குழாயில் காற்று புகுவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டுதான். ஒன்று, டேங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனபின்னும் ஓட்டுவது. இந்த வகைப் பிரிண்டரில் டேங்க் மட்டத்தைப் பார்க்கும் சென்சார் கிடையாது. கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு. இரண்டாவது, நுரை வர ஊற்றிவிட்டு, அது அடங்கும்முன் ஓட்டுவது.

நுரை வராமல் ஊற்றுவது கைப்பழக்கம். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, டை மைக்கு அது தேவையும் இல்லை. நுனியைத் துளையில் வைத்துவிட்டு ஒரேயடியாகச் செங்குத்தாகக் கவிழ்த்தால், மை இறங்கும் இடத்துக்குக் காற்று ஏற முயன்று குளுக் குளுக்கென்று கொப்பளிக்கும். சாய்வாகவே பிடித்து, மை ஒரு நூலாக இறங்கும்படி விட்டால் காற்று பாட்டிலின் மேல்பக்கமாகச் சத்தமில்லாமல் ஏறும். பாட்டிலை அமுக்கவும் வேண்டாம். அமுக்கிவிட்டுக் கையைத் தளர்த்தும்போது அது டேங்கிலிருந்து மையையும் காற்றையும் திரும்ப உறிஞ்சி, அடுத்த அமுக்கில் நுரையாகத் தள்ளும். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்திவிடுவேன். பிறகு கால் மணி நேரம் பிரிண்டரைச் சும்மா விடுவேன். டேங்கின் மேல்பரப்பில் இருக்கும் குமிழ்கள் தானாக உடைந்துவிடும்.

ஏற்கெனவே காற்று புகுந்துவிட்டதா, அல்லது நாசில் அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? Nozzle Check தாளை எறியாமல் தேதி எழுதி வையுங்கள். ஒரு தடவை கிளீனிங் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். விடுபட்ட கோடுகள் அதே இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் காய்ந்த மை அடைத்திருக்கிறது. முன்பு இருந்த கோடு இப்போது காணோம், காணாத கோடு இப்போது வந்திருக்கிறது என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது காற்று. காற்றுக்குத் திரும்பத் திரும்பக் கிளீனிங் கொடுப்பது வீண். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சிய மை பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பினால் விளக்குகள் மின்னி பிரிண்டர் நின்றுவிடும். மூன்று தடவைக்கு மேல் போகாமல், அணைத்துவிட்டு 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் பல நேரம் கோடுகள் தாமாகவே திரும்பியிருக்கும்.

அதற்கும் மசியாமல், குழாயில் கண்ணுக்குத் தெரியும்படி நீளமாகக் காற்று நின்றால் மட்டும் கம்ப்யூட்டரில் டிரைவரின் Maintenance பக்கத்தில் இருக்கும் Power Ink Flushing. இது குழாயில் இருக்கும் மையையே மொத்தமாக மாற்றிவிடும். நான்கு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். குறைவாக வைத்துக்கொண்டு ஓட்டினால் காற்றை எடுக்கப் போய்க் காற்றையே ஏற்றிவிடுவோம். எந்த நிறத்தில் பிரச்சினை இருந்தாலும் நான்கு மையும் செலவாகும், பஞ்சும் வேகமாக நிரம்பும். ஆகவே இது கடைசி வழி.

சிந்தாமல் இருப்பது பெரும்பாலும் முன்னேற்பாடுதான். மேஜையில் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் மடித்த செய்தித்தாள், கையில் உறை, பக்கத்தில் டிஷ்யூ. டேங்கைக் கொக்கியிலிருந்து கழற்றிப் பிரிண்டர் இருக்கும் அதே மேஜையில் படுக்க வைக்க வேண்டும், குழாயை இழுக்கக் கூடாது. கழற்றிய டேங்கைக் கையில் தூக்கிப் பிரிண்டருக்கு மேலே பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெட்டைவிட டேங்க் தாழ்வாக இருப்பதால்தான் மை சொட்டாமல் நிற்கிறது. உயரத்தில் பிடித்தால் மை தானாக ஓடி ஹெட் வழியே உள்ளே கசியும். அதை நாம் பார்க்கவே மாட்டோம், தாளின் பின்பக்கம் கறை வரும்போதுதான் தெரியும்.

ஊற்றி முடித்ததும் பாட்டிலை நிமிர்த்தி, நுனியைத் துளையின் மேலேயே சில விநாடி நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு இறங்கியபின் டிஷ்யூவை நுனிக்குக் கீழே கொடுத்தே பாட்டிலை நகர்த்துங்கள். பெரும்பாலான கறை இந்த ஒரு சொட்டால் வருவதுதான். துளையைச் சுற்றி மை நின்றால், பக்கத்து டேங்க் துளைக்குள் வழியும்முன் ஒற்றி எடுங்கள். மேஜையிலோ தரையிலோ கொட்டினாலும் முதலில் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் ஒரு கைப்பிடி அளவு கறை ஒரு முழத்துக்குப் பரவும். கையில் பட்டால் சோப்பு போதும், கண்ணில் பட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு எரிச்சல் நின்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மிச்ச மை உள்ள பாட்டிலை நன்றாக மூடி, நிமிர்ந்த நிலையில், வெயில் படாத அலமாரியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். திறந்த தேதியை லேபிளில் எழுதிவிடுவேன். அடுத்த தடவை நிரப்பும்போது அந்தப் பாட்டிலைத்தான் முதலில் எடுப்பேன், புதியதைத் திறக்க மாட்டேன்.